தமிழ் வந்தாங்க, தமிழ் சொன்னாங்க

என் சித்தி பையனுக்கு 26 வயது. ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறான். தினமும் காலையில் அஸ்தம்பட்டியில் பஸ் ஏறுவான். அதே பஸ்ஸில் கோரிமேட்டில் ஒரு பெண் ஏறுவாள், மேலே ஒரு பள்ளியில் ஆசிரியை. ஜூன் மாதம் பள்ளி திறந்ததிலிருந்து பழக்கம். பஸ்ஸில் பேச வாய்ப்பில்லை, அவள் பெண்கள் பக்கம் இடம் பிடித்து உட்கார்ந்துவிடுவாள், இவன் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். பேச்செல்லாம் சாயங்காலம் ஒண்டிக்கடை ரவுண்டானா பக்கம் கீழே போகும் பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் அந்த இருபது நிமிடத்தில்தான், அப்புறம் ராத்திரி வாட்ஸ்அப்பில். அவளை இவனுக்குப் பிடித்துப்போய்விட்டது. சொல்லவில்லை.

இது அவனுக்கு நடந்ததும், நடுவில் என்னிடம் வந்து கேட்டதும், அதற்கப்புறம் நடந்ததும். இரண்டு பேரும் படித்துப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் வெளியே வருகிறது. அந்தப் பெண் பேச்சுக்குப் பேச்சு சொல்கிற ஒரு தோழமை ஆணா பெண்ணா என்று தெரியாமல் அவன் தவித்ததுதான் விஷயம். அந்தத் தோழமைக்கு இங்கே ‘தமிழ்’ என்று பெயர் வைத்திருக்கிறேன். உண்மைப் பெயர் வேறு, ஆனால் இதே ரகம்: கேட்டால் ஆணா பெண்ணா என்று பிடிபடாத பெயர். கலை, மணி, அன்பு, முத்து, ஜோதி, கிரண் என்று நம்மிடம் இப்படி எத்தனையோ இருக்கின்றன.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தவன், சாப்பிட்டுக் கை கழுவியதும் போனை நீட்டி, “அக்கா, இதைக் கொஞ்சம் படிச்சுப் பாரு” என்றான். இரண்டு வாரச் செய்திகள். “நேத்து தமிழ் வந்திருந்தாங்க, பேசிட்டே இருந்ததுல லேட் ஆயிடுச்சு.” “தமிழ்தான் பைக்ல கொண்டுவந்து விட்டாங்க.” “கோட்டை மாரியம்மன் கோயிலுக்கு தமிழோட போனேன், செம கூட்டம்.” “தட்டுவடை செட் சாப்பிடணும்னா தமிழுக்குத் தெரியும், எந்தக் கடையில காரச் சட்னி நல்லா இருக்கும்னு கரெக்டா சொல்லுவாங்க.” எண்ணிப் பார்த்தேன், பதினொரு இடத்தில் தமிழ். ஒரு இடத்தில்கூட அவன் இல்லை, அவள் இல்லை.

வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கலாம், ஏனென்றால் தமிழில் ஒருவரைப் பற்றி ஒரு வாக்கியம் பேசினாலே வினைச்சொல்லின் வால் காட்டிக்கொடுத்துவிடும், வந்தான் அல்லது வந்தாள். ஆனால் ‘வந்தாங்க’ என்று மரியாதைக்குப் போய்விட்டால் அந்த வால் இரண்டு பேருக்கும் பொது. நம் பக்கத்தில் முன்பின் நெருக்கமில்லாத ஒருவரிடம் தன் நட்பைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலானவர்கள் இந்த ‘ஆங்க’வில்தான் நிற்பார்கள். சில பேச்சில் குறிப்பு கிடைக்கும். “சொன்னாப்ல, வந்தாப்ல” என்றால் கொஞ்சம் மரியாதையோடு ஒரு ஆணைச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். “அது சொல்லுச்சு” என்று வந்தால் பெரும்பாலும் வயதில் சின்னப் பெண்ணையோ பிள்ளையையோ சொல்கிறார்கள், ஆனால் அதை உறுதியாக எடுத்துக்கொள்ள முடியாது. இந்தப் பெண்ணின் பேச்சில் இரண்டுமே இல்லை. அவள் எதையும் மறைக்கவில்லை. தன்னைவிட இரண்டு வயது மூத்த தோழமையைப் பற்றி, இரண்டு மாதமாகத் தெரிந்த ஒரு ஆளிடம் ஒழுங்காகப் பேசியிருக்கிறாள், அவ்வளவுதான். இதைத் தம்பிக்குப் புரியவைக்கவே எனக்கு அரைமணி நேரம் ஆனது, ஏனென்றால் அவன் அந்த ‘ஆங்க’வையே வேண்டுமென்று செய்த மூடுமந்திரமாக நினைத்து வைத்திருந்தான்.

என்னிடம் வருவதற்கு முன்பே அவன் இரண்டு காரியம் செய்து கெடுத்திருந்தான்.

முதல் காரியம், தூண்டில். ஜூலையில் ஒரு நாள் ரவுண்டானாவில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, தெரியாத மாதிரி, “தமிழ் என்ன பண்றான்? எங்க வேலை பாக்கறான்?” என்று கேட்டிருக்கிறான். பெண்ணாக இருந்தால் “அவன் இல்லைங்க, அவ” என்று திருத்துவாள், திருத்தவில்லை என்றால் பையன், இதுதான் அவன் போட்ட கணக்கு. அவள் திருத்தவில்லை. “ஓசூர்ல இருக்காங்க, வாரக் கடைசியில வருவாங்க” என்று மட்டும் சொன்னாள். சரி, பையன்தான் என்று முடிவு கட்டிக்கொண்டான். பைக் வேறு ஓட்டுகிற ஆள், சந்தேகமே இல்லை என்று நினைத்தான்.

இந்தத் தூண்டிலை நிறையப் பேர் போடுகிறார்கள், அதனால் இதில் என்ன கோளாறு என்று கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். எதிராளி திருத்தாமல் விடுவதற்குப் பத்துக் காரணம் இருக்கலாம். கேள்வியின் வாலை அவள் கவனிக்காமல் இருக்கலாம், கவனித்தும் போகட்டும் என்று விடலாம், கூச்சப்படலாம், பஸ் வந்திருக்கலாம். அதனால் அவள் திருத்தினால் பதில் கிடைக்கும், திருத்தாவிட்டால் ஒன்றுமே கிடைக்காது, ஆனால் கேட்டவன் மனசு அந்த ஒன்றுமில்லாததையே பதிலாக எடுத்துக்கொள்ளும். இன்னொன்று, நம் மொழியில் இதற்கு ஒரு விலையும் உண்டு. அவள் ‘ஆங்க’ போட்டு மரியாதையாகச் சொல்கிற ஒருவரை, முன்னே பின்னே பார்க்காத நீ ‘பாக்கறான்’ என்று ஒருமையில் இறக்குகிறாய். பின்னாளில் அவளே சொன்னாள், அன்றைக்கு அவளுக்கு உறுத்தியது அந்த ஒருமைதான், ‘யாரென்றே தெரியாமல் எதற்கு இந்த ஆளுக்கு இப்படி ஒரு பேச்சு’ என்று நினைத்தாளாம். அடுத்த இரண்டு நாள் அவள் பதில்கள் ஒற்றை வார்த்தையில் வந்ததை இவன் எனக்குக் காட்டினான், காரணம் தெரியாமல்.

இரண்டாவது காரியம், தேடல். அவளுடைய இன்ஸ்டாகிராமில் யார் யார் லைக் போடுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து ஒரு கணக்கைக் கண்டுபிடித்திருக்கிறான். பூட்டிய கணக்கு, முகப்பில் ஒரு பழுப்பு நிற நாட்டு நாய், கழுத்தில் சிவப்புத் துணி. அதிலும் ஆணா பெண்ணா தெரியவில்லை. ஆனால் நாய் மனசில் பதிந்துவிட்டது. ஒரு வாரம் கழித்து அவள், தமிழ் இந்த வாரம் வரமாட்டார்கள், வீட்டில் ஏதோ உடம்பு சரியில்லை என்று சொன்னபோது, இவன் யோசிக்காமல் “நாய்க்கா?” என்று கேட்டுவிட்டான். அவள் நாயைப் பற்றிச் சொன்னதே இல்லை. “நாய் இருக்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றாள். “நீங்கதான் ஒருநாள் சொன்னீங்க” என்று சமாளித்திருக்கிறான். அவள் ஒன்றும் சொல்லவில்லை, கீழே போகிற பஸ் வரும் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாளாம்.

சந்தேகப்படுகிற ஆள் மாதிரித் தெரியக்கூடாது என்பதுதான் அவனுடைய பயமே. ஆனால் அப்படித் தெரியவைத்தது கேட்ட கேள்வி இல்லை, கேட்காமல் தெரிந்துகொண்ட விஷயம். நேராகக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். ஒளிந்து தெரிந்துகொண்டால், எது அவள் சொன்னது, எது நீ பார்த்தது என்று ஒவ்வொரு பேச்சிலும் பிரித்து வைத்துக்கொண்டே இருக்கவேண்டும், ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் நழுவிவிடும்.

அன்றைக்கு நான் அவனிடம் கேட்டது ஒன்றுதான். “தமிழ் பொண்ணுன்னு தெரிஞ்சா உனக்கு என்னடா கிடைக்கும்?” “நிம்மதி” என்றான். “பையன்னு தெரிஞ்சா?” பேசவில்லை. அங்கேதான் முடிச்சு. அவன் மனசில் இரண்டு கேள்வி ஒட்டிக்கொண்டு கிடந்தது. ஒன்று, தமிழ் யார். இன்னொன்று, இவளுக்கு யாராவது இருக்கிறார்களா. முதல் கேள்விக்கு வருகிற பதில் இரண்டாவதுக்குப் பதிலே இல்லை. தமிழ் பையனாக இருந்து பால்வாடியிலிருந்து கூடவே வளர்ந்த வெறும் நண்பனாக இருக்கலாம். பெண்ணாக இருந்தும், அந்தப் பெண்ணின் மேல்தான் இவளுக்கு மனசு என்றும் இருக்கலாம். தமிழுக்குச் சம்பந்தமே இல்லாமல் வேறு யாரோ இருக்கலாம். இரண்டாவது கேள்வியைக் கேட்கத் தைரியம் இல்லாமல், அதை முதல் கேள்விக்குள் மடித்து வைத்துக் கேட்கிறபோதுதான் குரலில் அந்தச் சந்தேகம் ஏறுகிறது. “தமிழ் பையனா பொண்ணா?” என்பது எழுத்தில் ஐந்து விநாடிக் கேள்வி, ஆனால் அதற்குள் “உனக்கு ஆள் இருக்கா?” என்பது உட்கார்ந்திருந்தால் எதிரே இருப்பவளுக்குக் கேட்டுவிடும்.

அதனால் இரண்டையும் பிரித்தோம். இரண்டாவதைப் பிறகு, தனியாக, அவளைப் பற்றிய கேள்வியாகவே கேட்பது. முதலாவதைச் சாதாரணத் தகவலாகக் கேட்பது.

சாதாரணமாகக் கேட்க ஒரு உண்மையான காரணம் வேண்டும், கற்பித்த காரணம் வேண்டாம். அந்தக் காரணத்தை நம் மொழியே கையில் கொடுத்திருக்கிறது. தமிழைப் பற்றி நீயும் ஒரு வார்த்தை பேசவேண்டும் என்றால் எந்த வாலைப் போடுவது என்று உனக்குத் தெரிந்தாகவேண்டும், அது நிஜமான தேவை. போதாததற்கு இவன் ஏற்கெனவே ஒருமுறை தப்பாகப் போட்டிருந்தான். அந்தத் தப்பையே வாசலாக்கினோம். நான் அவனுக்குச் சொன்ன வாக்கியம் இது: “அன்னைக்கு நான் தமிழை அவன் இவன்னு சொல்லிட்டேன், யாருன்னே தெரியாம பேசினது தப்பு. தமிழ்னா முழுப்பேர் என்னங்க?”

முதலில் தன் தப்பு, அப்புறம்தான் கேள்வி. கேட்பதும் முழுப்பெயர், பையனா பொண்ணா என்பது இல்லை. இதை அவன் உடனே ஒத்துக்கொள்ளவில்லை, “சுத்தி வளைக்கிற மாதிரி இல்லையாக்கா?” என்றான். இல்லை. “பையனா பொண்ணா” என்று கேட்டால் இரண்டில் ஒன்றைச் சொல்லியே தீரவேண்டும். முழுப்பெயர் கேட்டால் எவ்வளவு சொல்வது என்பது அவள் கையில் இருக்கும். தமிழ்செல்வன் என்றோ தமிழ்செல்வி என்றோ வந்தால் விஷயம் முடிந்தது. தமிழ் ஒரு திருநங்கையாகவோ திருநம்பியாகவோ இருந்து, அதை எல்லாரிடமும் சொல்ல அவர் விரும்பாமல், அதனாலேயே இவள் பார்த்துப் பார்த்து ‘ஆங்க’ போடுகிறாள் என்றும் இருக்கலாம் இல்லையா? அப்போது “எல்லாரும் தமிழ்னுதான் கூப்பிடுவோம்” என்று அவள் நிறுத்திக்கொள்ள முடியும். அப்படி நிறுத்தினால் நீயும் நிறுத்திக்கொள், தமிழ் என்றே சொல், ‘ஆங்க’ போட்டே பேசு, அதற்கு மேல் அது தமிழ் சொல்லவேண்டிய விஷயம் என்றேன். அவள் சொல்லத் தயங்கினால் மறுபடி வேறு வழியில் கேட்டுப் பார்ப்பது கூடவே கூடாது.

வாட்ஸ்அப்பில் கேட்கக்கூடாது என்பதிலும் பிடிவாதமாக இருந்தேன். ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு ஆள் முழுப்பெயர் கேட்டால், எவ்வளவு நல்ல மனசோடு கேட்டாலும், படுத்துக்கொண்டு இதையே யோசித்திருக்கிறான் என்றுதான் தெரியும். அது உண்மையும்கூட. நேரில் கேட்கவேண்டும், தமிழ் பெயரை அவளாக எடுக்கும்போது கேட்கவேண்டும். இவனாகத் தமிழை இழுத்துக்கொண்டு வரக்கூடாது. அவள் ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தால் கதை முடியட்டும், அதற்கு ஒரு வார்த்தை பதில் சொல்லிவிட்டு அப்புறம் கேள்வி.

அப்புறம் பதில் வந்த அடுத்த நொடி. நல்ல கேள்வியெல்லாம் கெடுவது அங்கேதான். பதில் எதுவானாலும் அடுத்த வாக்கியம் அவள் சொன்ன கதையைப் பற்றியதாக இருக்கவேண்டும், “அப்ப நீங்க ரெண்டு பேரும்…” என்று ஆரம்பிக்கவே கூடாது. அடுக்களைத் திண்ணையில் உட்காரவைத்து அவனைச் சொல்லிப் பார்க்கவைத்தேன். நான் அவளாக இருந்து “தமிழ்செல்வன்” என்பேன், அவன் முகம் சுருங்காமல் “ஓ, ஓசூர்ல இருந்து வாராவாரம் வர்றாரா, பெரிய அலைச்சல்தான்” என்பான். ஏழெட்டுத் தடவை. நன்றாகவே பழகினான். நான் செய்த தப்பு, ‘தமிழ்செல்வி’யை ஒரு தடவைகூடச் சொல்லிப் பார்க்கவில்லை. கெட்ட செய்திக்குத்தான் தயார் செய்யவேண்டும் என்று நினைத்துவிட்டேன்.

அடுத்த வியாழக்கிழமை மலையில் நல்ல மழை, கீழே போகிற பஸ் தாமதம். மிளகாய் பஜ்ஜிக் கடைத் தகரக் கூரைக்குக் கீழே இருவரும் ஒதுங்கி நின்றிருக்கிறார்கள். பஜ்ஜியை அவள் ஊதி ஊதித் தின்றுகொண்டே, போன வருஷம் இதே மாதிரி மழையில் தமிழும் தானும் பைக்கில் ஏறி வந்து, பாதி மலையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி நின்றுபோய், தள்ளிக்கொண்டு வந்த கதையைச் சொன்னாள். இவன் கேட்டுச் சிரித்துவிட்டு, சொன்னபடியே ஆரம்பித்தான். “ஒரு விஷயங்க. அன்னைக்கு நான் தமிழை அவன்னு பேசிட்டேன். யாருன்னே தெரியாம சொல்லிட்டேன், தப்பு.”

அவள், “பரவால்லைங்க, நான்தான் சொல்லலை” என்றாள். இவன் முழுப்பெயர் கேட்பதற்குள் அவளே, “தமிழ்செல்வி. எங்க தெருதான், சின்ன வயசுல இருந்து” என்றாள். இவ்வளவுதான். மூன்று வாரத் தூக்கம் கெடுத்த கேள்வி, மன்னிப்பு கேட்ட மாத்திரத்தில் கேட்காமலே தீர்ந்தது.

இவன் “அப்பாடா” என்றுவிட்டான்.

வாய்விட்டே சொல்லியிருக்கிறான். முகம் முழுக்கச் சிரிப்பு வேறு. அவள் கையில் இருந்த பஜ்ஜியைக் காகிதத்தில் வைத்துவிட்டு, “எதுக்கு அப்பாடா?” என்றாள்.

இந்த இடத்தில் அவன் செய்ததை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவனாகச் செய்தது, அதனால்தான் எனக்கு அவன்மேல் மரியாதை. நாய் விஷயத்தில் செய்த மாதிரிச் சமாளிக்கவில்லை. “பையனா இருந்தா என்ன பண்றதுன்னு ரொம்ப நாளா யோசிச்சுட்டு இருந்தேன். நாயையும் இன்ஸ்டாகிராம்ல தேடித்தான் பாத்தேன், நீங்க சொல்லலை. அது தப்பு” என்று சொல்லியிருக்கிறான். அவள் உடனே ஒன்றும் சொல்லவில்லை. பஸ் வந்தது, ஏறிப் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாள். இருபது வளைவும் இறங்கி முடிகிறவரை திரும்பிப் பார்க்கவில்லை. கோரிமேட்டில் இறங்குவதற்கு எழுந்தபோது இவன் பக்கம் வந்து, “பையனா இருந்திருந்தா என்கிட்ட பேசியிருக்க மாட்டீங்களா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் இறங்கிப்போனாள்.

ராத்திரி எனக்குப் போன் பண்ணினான். “எல்லாம் போச்சுக்கா.” எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோபம் என்றால் அவள் கேள்வி கேட்டிருக்கமாட்டாள், பேசாமல் இறங்கியிருப்பாள். அவள் கேட்டதற்கு நேரான பதில் வேண்டும், அதுவும் நேரில், அதுவரை வாட்ஸ்அப்பில் பத்திப் பத்தியாக விளக்கம் எழுதாதே என்று மட்டும் சொன்னேன். அடுத்த நாள் பஸ்ஸில் அவள் வரவில்லை, சனி ஞாயிறு போனது. அந்த மூன்று நாளும் அவன் எழுதாமல் இருந்ததைப் பெரிய விஷயம் என்றுதான் சொல்வேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் அதே இடம். “நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்லணும். பேசியிருப்பேன். ஆனா பயந்துட்டே பேசியிருப்பேன். தமிழைப் பத்தி நான் கேட்டதே உங்களைப் பத்திக் கேக்கத் தைரியம் இல்லாமத்தான். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. உங்களுக்கு மனசுல யாராவது இருந்தா சொல்லிடுங்க, அதுக்கு மேல நான் கேக்க மாட்டேன்.” இரண்டாவது கேள்வியை இப்படித்தான் கேட்டான். தமிழ் இதில் எங்குமே கேள்வியாக இல்லை.

யாரும் இல்லை என்றாள். வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருக்கிறார்கள், தனக்கு இன்னும் ஒரு வருஷமாவது வேலை பார்க்கவேண்டும், இப்போது எதற்கும் ஆமாம் சொல்ல முடியாது, ஆனால் பேசுவது பிடித்திருக்கிறது, பேசலாம் என்றாள். நாயைத் தேடிப் பார்த்ததுதான் இன்னும் ஒரு மாதிரி இருக்கிறது, இனிமேல் எதுவானாலும் தன்னிடமே கேட்கவேண்டும் என்றும் சொன்னாள். சரி என்றான்.

இது நடந்து நாலு மாதம் ஆகிறது. போன வாரம் வந்தவன் போனை எடுத்து ஒரே ஒரு செய்தியைக் காட்டினான். “நாளைக்குத் தமிழ் வர்றா, உங்களைப் பாக்கணும்னு சொன்னா. பஜ்ஜிக் கடைக்குக் கூட்டிட்டு வரவா?” எழுத்தின் மேலேயே விரலை வைத்து, “‘சொன்னாங்க’ இல்லக்கா, ‘சொன்னா’” என்றான்.